704 சதுர அடி மாடிக்கு 1,040 சதுர அடி ஷீட் எப்படி வரும்?

கேள்வி: மொட்டை மாடி 32 அடி நீளம், 22 அடி அகலம். நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்து கலர் ஷீட் போடப் போகிறோம். ஓரத்தைவிட நடு 3 அடி உயரம். வாட்டம் இறங்கும் பக்கம் 2 அடியும், முன்னும் பின்னும் 1 அடியும் ஷீட் வெளியே நீட்ட வேண்டும். நான் 704 சதுர அடி என்று வைத்திருந்தேன். ஃபேப்ரிகேட்டர் 1,040 என்கிறார். வாட்டத்துக்காக இவ்வளவு கூடுமா? எத்தனை ஷீட் வாங்க வேண்டும்?

வாட்டத்துக்காக இவ்வளவு கூடாது. ஆனால் அதை வைத்து 1,040 தப்பான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. அந்த எண் எதற்கான அளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் வாங்க வேண்டிய ஷீட்டின் அளவு என்றால் அது சரி. கூலியும் பொருளும் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய வேலையின் அளவு என்றால் உங்கள் தலையில் 120 சதுர அடி கூடுதலாக ஏறுகிறது. இரண்டும் எப்படி வருகிறது என்று படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் மாடிக்கும் அதே வரிசையில் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்று. ஷீட்டை சதுர அடியில் எண்ணத் தொடங்கினால் கணக்கு தப்பும். ஷீட்டுக்கு இரண்டு திசை உண்டு. முகட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் திசையில் அதன் நீளம் கிடக்கிறது, முகட்டுக்கு இணையாக அதன் அகலம் கிடக்கிறது. வாட்டம் முதல் திசையை மட்டும்தான் நீட்டும். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓவர்லேப் இரண்டாவது திசையை மட்டும்தான் தின்னும். ஆகவே ஒரு ஷீட் எவ்வளவு நீளம் என்று ஒரு கணக்கு, ஒரு பக்கத்துக்கு எத்தனை ஷீட் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாக முடித்துவிட்டுக் கடைசியில் பெருக்கினால் போதும்.

நீளத்தைப் பார்ப்போம். 22 அடியில் பாதி 11 அடி. நடுவில் 3 அடி ஏற்றம். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான்: √(11² + 3²) = 11.40 அடி. அதாவது தரையில் 11 அடியாக இருப்பது சரிவில் 11 அடி 5 அங்குலம் ஆகிறது. விகிதமாகச் சொன்னால் 1.036 மடங்கு. உங்கள் 704ஐ இதால் பெருக்கினால் 730தான் வரும். ஏற்றத்தை 4 அடியாக்கினாலும் 1.064 மடங்குதான். வாட்டத்தால் ஷீட் நிறைய கூடிவிடும் என்ற பயம் ஓட்டு வீட்டுக் கூரை போலச் செங்குத்தாக ஏறும் கூரைகளுக்குப் பொருந்தும். மாடியில் போடும் ஷீட்டுக்கு அது சில்லறைக் கணக்கு.

அடுத்து 2 அடி நீட்டம். இதைச் சுவருக்கு வெளியே படுக்கையாக 2 அடி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது பாதி அகலம் 11 அல்ல, 13 அடி. அதே 1.036 மடங்கு இதற்கும் பொருந்தும்: 13.47 அடி, அதாவது 13 அடி 5¾ அங்குலம். சிலர் 11.40 அடியோடு நேராக 2ஐக் கூட்டி 13.40 என்பார்கள். இந்த வாட்டத்தில் வித்தியாசம் ஓர் அங்குலம்கூட இல்லை. 30 டிகிரி சரிவில் அதே குறுக்குவழியில் போனால் ஒரு ஷீட்டுக்கு சுமார் 4 அங்குலம் குறையும், அங்கே அது வலிக்கும். நீட்டத்தோடு வரும் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஷீட் 2 அடி வெளியே போகும்போது அதே சரிவில் ஆறரை அங்குலம் கீழேயும் இறங்குகிறது. சுவர் ஓரத்தில் தூண் உயரம் 7 அடி என்றால் ஷீட்டின் நுனி ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். மாடிப்படிக் கதவு அந்தப் பக்கம் வெளியே திறக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

முகட்டில் இரண்டு பக்க ஷீட்டும் ஒன்றையொன்று முட்டக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் போல விட்டு நிறுத்தி, மேலே முகட்டுக் கேப் மூடும். அந்த ஒன்றரை அங்குலம் கழியும். கீழே மழைநீர்க் கட்டர் வைப்பதானால் ஷீட் அதற்குள் 2 அங்குலம் நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் மழையில் தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகவே திரும்பி ஓடிச் சுவரை நனைக்கும். கழித்ததும் கூட்டியதும் கிட்டத்தட்ட சமமாகிவிடுவதால் 13 அடி 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவு கொடுத்து வெட்டித் தரும் இடத்தில் அப்படியே கேளுங்கள். கையிருப்பில் உள்ளதைத்தான் தருவோம் என்கிற கடையில் 12 அடிக்கு அடுத்து 14 அடி ஷீட்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்போது மிஞ்சும் அரை அடியை வெட்டச் சொல்லாமல், தூண் போடும் முன்பே நீட்டத்தை இரண்டரை அடியாக மாற்றிவிடுவது நல்லது. ஆனால் ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லின்களில் கடைசியானதற்கு வெளியே ஷீட் ஓர் அடிக்கு மேல் தாங்கலில்லாமல் தொங்கக் கூடாது, காற்று அதைத்தான் முதலில் பிடித்துத் தூக்கும். நீட்டம் எவ்வளவானாலும் பர்லினைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ்ஸின் கையை வெளியே இழுத்து, நுனியருகே ஒரு பர்லின் வர வேண்டும்.

இனி எண்ணிக்கை. நீளம் 32, முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி, ஆக 34 அடி, அதாவது 408 அங்குலம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஷீட்டின் மொத்த அகலம் வேறு, போட்டபின் அது மூடும் அகலம் வேறு. நான் இந்தக் கணக்குக்கு மொத்தம் 42 அங்குலம், பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு மடிப்பு ஏறியது போக 39 அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வரும் ஷீட் இதே அளவில் இருக்கும் என்று எண்ண வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கடையில் இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று மடிப்புப் பொருந்த வைத்து, ஒன்றின் முதல் மடிப்பிலிருந்து அடுத்ததன் முதல் மடிப்பு வரை டேப் பிடியுங்கள். அதுதான் மூடும் அகலம். விற்பவர் சொல்லும் அகலம் பெரும்பாலும் மொத்த அகலமாகவே இருக்கும்.

முதல் ஷீட் முழு 42 அங்குலத்தையும் மூடும். அடுத்து வரும் ஒவ்வொன்றும் 39 கூட்டும். 10 ஷீட் போட்டால் 42 + 9 × 39 = 393 அங்குலம், 32 அடி 9 அங்குலம். நமக்குத் தேவை 34 அடி, 15 அங்குலம் பற்றாது. 11 போட்டால் 432 அங்குலம், சரியாக 36 அடி. 2 அடி மிஞ்சும். அரை ஷீட் விற்பதில்லை என்பதால் ஒரு பக்கத்துக்கு 11, இரண்டு பக்கத்துக்கும் 22.

இப்போது பெருக்கலாம். 22 × 3.5 × 13.5 = 1,039.5 சதுர அடி. உங்கள் ஃபேப்ரிகேட்டர் சொன்ன 1,040 இதுவேதான். அவர் வாங்க வேண்டிய ஷீட்டை ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார். உங்கள் 704க்கும் இதற்கும் நடுவே 336 சதுர அடி எங்கே போனது என்று பிரித்தால், நாலு பக்க நீட்டம் மட்டும் 180 (34 × 26 = 884 ஆகிவிடுகிறது). வாட்டம் 32. பக்கவாட்டு ஓவர்லேப்பில் மறைவது 67 சொச்சம். கடைசி ஷீட்டில் மிஞ்சும் 2 அடிப் பட்டை இரண்டு பக்கமும் சேர்த்து 54. மீதி சுமார் 2, நீளத்தை 13 அடி 6 அங்குலமாக முழுமையாக்கியதில். நீங்கள் சந்தேகப்பட்ட வாட்டத்தின் பங்கு 336இல் பத்தில் ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து பேரம் பேசும் இடம் தெளிவாகிறது. ஷீட்டை நீங்களே வாங்கித் தந்து கூலி மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் பொருளுக்கு 1,040. பொருளோடு சேர்த்துச் சதுர அடி ரேட் பேசியிருந்தால் வழக்கமாக அளக்க வேண்டியது போட்டு முடிந்த கூரையின் மேற்பரப்பு: 34 × 13.5 × 2 = 918. ஓவர்லேப்பும் வெட்டுச் சேதாரமும் அந்த ரேட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். ரேட்டையும் அப்படி உயர்த்திப் பேசிவிட்டு அளவையும் 1,040 என்று எடுத்தால் ஒன்றுக்கு இரண்டு முறை கொடுக்கிறீர்கள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அதனால் வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் ‘முடிந்த கூரையைச் சரிவில் டேப் பிடித்து அளப்பது’ என்றோ ‘வாங்கிய ஷீட்டின் அளவு’ என்றோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘சதுர அடிக்கு’ என்று மட்டும் எழுதினால் சண்டை உறுதி.

அந்த 2 அடி மிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உண்மையில் காசு மிச்சம் பிடிக்கலாம். ஓவர்லேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாக்கி மிச்சத்தைக் கரைத்துவிடலாமா என்று கேட்பார்கள். கட்டம் கட்டமாக மடிப்புள்ள இன்றைய கலர் ஷீட்டில் அது நடக்காது. மடிப்பு மடிப்பின் மேல்தான் உட்காரும், இரண்டரை அங்குலம் நகர்த்த இடமில்லை. பழைய அலை ஷீட்டில் ஓர் அலைக்குப் பதில் இரண்டு அலை ஏற்றலாம், அங்கே இந்த வித்தை செல்லும். ஆக உங்களுக்கு மூன்று வழி. 11 போட்டு கடைசி ஷீட்டை நெடுக வெட்டுவது, 11 போட்டு வெட்டாமல் முன்னும் பின்னும் 2 அடி நீட்டுவது, அல்லது நீட்டத்தை இருபுறமும் நாலரை அங்குலமாகக் குறைத்து 10 ஷீட்டில் முடிப்பது. கடைசி வழியில் இரண்டு பக்கமும் சேர்த்து 2 ஷீட், 94 சதுர அடி மிச்சம்.

கடலோர மாவட்டம், புயல் வரும் ஊர் என்றால் நான் 10 ஷீட் வழியைத்தான் சொல்வேன். முக்கோணப் பக்கத்தில் நீட்டம் குறையக் குறையக் காற்றுக்குப் பிடி குறையும். சாரல் கொஞ்சம் உள்ளே வரும், திறந்த மாடியில் அது எப்படியும் வரத்தான் செய்யும். உள்மாவட்டம் என்றால் பர்லின் பைப்பைத் துண்டு ஒட்டாமல் 2 அடி வெளியே நீட்டி, 11ஐ வெட்டாமல் போடலாம். நெடுக வெட்டுவது எனக்குப் பிடிக்காத வழி. கிரைண்டரில் வெட்டினால் தெறிக்கும் சூடான இரும்புத் துகள் பெயின்ட் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த மழையிலேயே துருப் புள்ளியாகத் தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தகரக் கத்தரியால் வெட்டி, வெட்டிய விளிம்பு ஓரத் தகட்டுக்கு அடியில் மறையும்படி வையுங்கள்.

ஷீட் போடத் தொடங்கும் பக்கமும் ஓவர்லேப்போடு சம்பந்தப்பட்டது, எண்ணிக்கையை மாற்றாது என்றாலும் ஒழுகலை மாற்றும். மேலே ஏறும் ஷீட்டின் திறந்த விளிம்பு மழைக்காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பும் ஊரில் முகடு கிழக்கு மேற்காக ஓடினால் மேற்கு முனையில் தொடங்கிக் கிழக்கு நோக்கிப் போக வேண்டும். பல ஷீட்களில் ஒரு விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளக்கோடு இருக்கும். இடுக்கில் ஏறும் தண்ணீரை வடிப்பதற்காக வைத்தது அது, அந்த விளிம்பு அடியில்தான் போக வேண்டும்.

மேலே சொன்னதெல்லாம் முகட்டிலிருந்து நுனிவரை ஒரே துண்டு ஷீட் வரும் என்ற கணக்கில். சந்துக்குள் வண்டி திரும்பாது, அல்லது மாடிக்குத் தூக்க வழியில்லை என்றால் நடுவில் ஒட்டுப் போட வேண்டிவரும். அப்போது நீள ஓவர்லேப்பையும் கூட்ட வேண்டும். 15 டிகிரி, அதற்கு மேல் வாட்டம் இருந்தால் 6 அங்குலம் போதும், உங்களுடையது 15 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. அதற்குக் கீழே போனால் 8, 9 அங்குலம் விட்டு நடுவே சீலன்ட் பட்டையும் வைக்க வேண்டும். அந்த ஒட்டு கட்டாயம் ஒரு பர்லின் மேல் விழ வேண்டும். ஆகவே ஒட்டு உண்டா இல்லையா என்பதைப் பர்லின் வெல்டு ஆகும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சிமென்ட் ஷீட் போடலாமா என்ற யோசனை இருந்தால் கணக்கு வேறு. அதன் அகலம் 1.05 மீட்டர், மூடுவது 1.01 மீட்டர், அதிக நீளம் 3 மீட்டர். ஆகவே உங்கள் சரிவில் ஒட்டில்லாமல் முடியாது. வாட்டமும் 18 டிகிரியாவது வேண்டும், அதற்கு நடு ஏற்றத்தை 3 அடி 7 அங்குலமாக்க வேண்டும். அப்போது சரிவு 4.17 மீட்டர், 15 சென்டிமீட்டர் ஒட்டோடு 4.32. கால் மீட்டர் படியாகத்தான் நீளம் கிடைக்கும் என்பதால் 2.25 மீட்டர் ஷீட் இரண்டு. ஒரு வரிசைக்கு 11, ஆக மொத்தம் 44 ஷீட். பர்லின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் இரும்பும் கூடும்.

முகட்டுக் கேப்பையும் இதே முறையில் எண்ணுங்கள். 8 அடித் துண்டு, 6 அங்குலம் ஓவர்லேப் என்றால் முதல் துண்டு 8, அடுத்தவை ஏழரை. 34 அடிக்கு 5 துண்டு. முக்கோணப் பக்கத்து ஓரத் தகடு நாலு சரிவுக்கும் 54 அடி, ஓவர்லேப் தனி. ஸ்க்ரூவுக்குப் பெரிய கணக்கு வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பர்லின் வரிசை, அடிக்கு ஒன்று என்று வைத்தால் 350, ஷீட்டையும் ஷீட்டையும் தைக்கக் கொஞ்சம் சேர்த்து 450 வாங்கினால் மிஞ்சும்.

சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர் என்று சொல்வது ஓட்டுக்கும் டைலுக்கும் பொருந்தும். அளவு கொடுத்து வெட்டும் ஷீட்டில் சதவீதத்துக்கு அர்த்தமில்லை. அரை அடி குறைந்தால் முழு ஷீட்டே வீண், இரண்டு சதுர அடி சேர்த்து என்ன பயன்? கூடுதலாக வாங்குவதென்றால் முழுதாக ஒரே ஒரு ஷீட் வாங்கி வையுங்கள். பிறகு தனியாக வாங்கினால் நிறம் அதே சாயலில் வராது. நாலு பக்கமும் சரியும் கூரைக்கு மட்டும் இந்த எண்ணிக்கை முறை செல்லாது. வாட்டம் ஒன்றே என்றால் மேற்பரப்பு மாறாது, ஆனால் மூலைகளில் ஒவ்வொரு ஷீட்டும் சாய்வாக வெட்டுப்படுவதால் வரைந்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இனி என் கணக்கின் எல்லை. 13 அடி 6 அங்குலம் என்பது தாளில் வந்த அளவு, பட்ஜெட்டுக்கு அது போதும். ஆர்டர் கொடுப்பது டிரஸ்ஸும் பர்லினும் ஏறிய பிறகு இருக்கட்டும். ஏற்றத்தில் 6 அங்குலம் தப்பினால் ஷீட் நீளத்தில் 2 அங்குலம்தான் மாறும், ஆனால் பாதி அகலத்தில் 2 அங்குலம் தப்பினால் அந்த 2 அங்குலம் முழுசாக அப்படியே ஷீட்டில் வந்து நிற்கும். வீட்டுச் சுவர்கள் இணையாக இருக்கும் என்று நம்பாமல், இரண்டு பக்கச் சரிவையும் முன் முனை, நடு, பின் முனை என்று மூன்று இடத்தில் முகட்டு உச்சியிலிருந்து நுனிவரை டேப் பிடித்து அளக்கவும். பிறகு படுக்கையாக மூலைக்கு மூலை அளக்கவும். 32க்கு 22 என்றால் இரண்டும் 38 அடி 10 அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணலாக நிற்கிறது. அப்படியே ஷீட் ஏற்றினால் நுனி படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போகும், கடைசி ஷீட்டின் ஒரு முனை நீட்டிக்கொண்டும் மறுமுனை பற்றாமலும் நிற்கும். சட்டம் சரியாக இருந்தாலும், போடும்போது மிதித்து அழுத்துவதில் ஷீட் சில மில்லிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். பதினொன்று சேரும்போது அது ஓர் அங்குலத்துக்கு மேல் வரலாம். மூன்று நாலு ஷீட்டுக்கு ஒருமுறை தொடக்க விளிம்பிலிருந்து டேப் பிடித்து, மேலேயும் கீழேயும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்கு ஸ்க்ரூ அடிக்கச் சொல்லுங்கள்.